பார்ப்பதும் எடுப்பதும் ஒரே செயலாகட்டும்

இணையவழிப் பேருந்து டிக்கெட் நிறுவனம் ஒன்றில், பணத்தைத் திருப்பித் தரும் பிரிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரத்தான டிக்கெட்டுகளுக்கான கோரிக்கைகள் ஒரே பொதுப் பட்டியலில் வந்து விழும். கவிதா, செந்தில் என்ற இருவர் அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடிப்பார்கள். 4127-ஆம் கோரிக்கையைக் கவிதா திறக்கிறார். நான்கு வினாடி கழித்து செந்திலும் அதையே திறக்கிறார். அவருடைய திரையில் அது இன்னும் யாரும் எடுக்காததாகவே தெரிகிறது. பயணியின் கணக்குக்கு 860 ரூபாய் இரண்டு முறை போய்ச் சேர்கிறது.

இப்படி நடந்தால் நிர்வாகம் வழக்கமாகச் சொல்வது, “எண்ணை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு எடுங்கள்” என்பதுதான். இதை ஏற்க முடியாது. திரையைப் போலவே குழுச் செய்தியும் பார்த்தால்தான் தெரியும். போடுவதற்கும் பார்ப்பதற்கும் நடுவிலும் அதே நான்கு வினாடி இருக்கிறது. ஊழியர்களுக்கு ஒரு வேலை கூடுகிறது, இடைவெளி அப்படியே நிற்கிறது.

தவறு பெரும்பாலும் மென்பொருளில் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் அது முதலில் ‘இதை யாராவது எடுத்திருக்கிறார்களா?’ என்று தரவுத்தளத்தைக் கேட்கிறது. இல்லை என்று பதில் வந்தபின், தனி உத்தரவில் பெயரை எழுதுகிறது. கேள்விக்கும் எழுத்துக்கும் நடுவில் இன்னொருவரும் அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலைப் பெற்றுவிடலாம். அப்போது பின்னால் எழுதப்பட்ட பெயர் முந்தைய பெயரை ஓசையில்லாமல் அழித்துவிடும். பதிவேட்டில் செந்தில் மட்டும் இருப்பார். முறைப்படி முதலில் எடுத்த கவிதாதான் விசாரணைக்கு நிற்பார்.

தீர்வு, கேள்வியையும் எழுத்தையும் ஒரே உத்தரவாக்குவது:

```sql
UPDATE tasks
SET owner = 'kavitha', taken_at = now()
WHERE id = 4127 AND owner IS NULL;
```

‘உரியவர் காலியாக இருந்தால் மட்டும் எழுது’ என்பது இதன் பொருள். இதை போஸ்ட்கிரஸில் கண்ணால் பார்க்கலாம். இரண்டு `psql` சாளரங்களைத் திறந்து, முதலாவதில் `BEGIN` கொடுத்து இந்த உத்தரவை ஓட்டுங்கள். இரண்டாவதில் செந்தில் பெயரோடு ஓட்டினால் அது பதில் தராமல் காத்து நிற்கும். முதலாவதில் `COMMIT` கொடுத்த கணத்தில், இரண்டாவது சாளரம் நிபந்தனையை மறுபடி சரிபார்த்து `UPDATE 0` என்று சொல்லும். கவிதாவுக்குக் கிடைத்தது `UPDATE 1`. அந்தப் பூஜ்யத்தைப் படித்து, ‘இதை வேறொருவர் எடுத்துவிட்டார்’ என்று திரையில் காட்ட வேண்டியது மென்பொருளின் கடமை. அதைப் படிக்காமல் அடுத்த பக்கத்தைத் திறந்துவிட்டால், இவ்வளவு செய்தும் பயனில்லை.

`UPDATE 0` அடிக்கடி வந்தால் எல்லோரும் பட்டியலின் முதல் வரிக்கே பாய்கிறார்கள் என்று அறியலாம். ஆளுக்குத் தக்க வேலை என்ற கட்டாயம் இல்லாத இடத்தில், பட்டியலையே எடுத்துவிட்டு ‘அடுத்தது’ என்ற ஒரு பொத்தானை மட்டும் வைப்பது நல்லது என்பது என் கருத்து. இதற்கென்றே போஸ்ட்கிரஸ் 9.5 பதிப்பில், 2016-இல், `FOR UPDATE SKIP LOCKED` வந்தது. ஒருவர் பூட்டியிருக்கும் வரியைத் தாண்டி அடுத்த வரியை அது மற்றவருக்குக் கொடுக்கும். ஆனால் ஊழியர் வேலை செய்து முடிக்கும்வரை அந்தப் பூட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. பெயரை எழுதியதும் விட்டுவிட வேண்டும்.

அடுத்த சிக்கல், எடுத்தவர் முடிக்காமல் போவது. கவிதாவின் கணினி அணைந்துவிட்டால் 4127 அவர் பெயரிலேயே கிடக்கும். அதனால் உரிமைக்கு ஒரு கெடு வைக்கிறோம்: 20 நிமிடம் கழிந்தால் வேறொருவர் எடுக்கலாம். அமேசானின் எஸ்க்யூஎஸ் வரிசையிலும் இப்படிக் கெடு உண்டு. தனியாக எதுவும் அமைக்காவிட்டால் அது 30 வினாடி.

கெடு வைத்த இடத்தில் பழைய ஆபத்து புது வழியில் திரும்பி வருகிறது. 21-ஆம் நிமிடம் செந்தில் எடுக்கிறார். 22-ஆம் நிமிடம் கவிதாவின் கணினி உயிர்பெற்று, பழைய பக்கத்திலேயே அவர் ‘பணம் அனுப்பு’ என்பதை அழுத்துகிறார். ஆகவே அனுப்பும் உத்தரவும், இந்த வேலை இப்போது யார் பெயரில், எத்தனையாவது முறையாக எடுக்கப்பட்டது என்பதைச் சரிபார்த்தே நகர வேண்டும். எடுக்கும்போது மட்டும் சோதித்துவிட்டு முடிக்கும்போது விட்டுவிடும் மென்பொருள்கள் ஏராளம்.

இதுவும் முழுக் காப்பு அல்ல. பணம் போவது நம் தரவுத்தளத்துக்கு வெளியே, வங்கியின் வழியாக. பணம் போய், ‘போய்விட்டது’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தால் அடுத்தவர் நல்லெண்ணத்தோடு மறுபடி அனுப்புவார். பல பணப்பரிமாற்றச் சேவைகள் கோரிக்கையோடு ஒரு தனி அடையாள எண்ணை ஏற்கும். அதே எண் மீண்டும் வந்தால் பணத்தை இரண்டாம் முறை அனுப்பாமல் பழைய பதிலையே தரும். அந்த எண்ணைப் பொத்தானை அழுத்தும்போது உருவாக்கினால் கவிதாவுக்கு ஒன்று, செந்திலுக்கு ஒன்று என்று இரண்டு பிறந்துவிடும். பயணி டிக்கெட்டை ரத்து செய்யும்போதே அது உருவாகி, 4127-உடன் சேர்ந்தே பட்டியலுக்குள் வர வேண்டும்.