சம்பளம் என்றாலே உடலியல் தேவைதானா?

மேலாண்மைத் தேர்வுக்கும் உளவியல் தேர்வுக்கும் படிப்பவர்களிடம் ஒரு சூத்திரம் பரவலாக உலவுகிறது. மாஸ்லோவின் தேவைப் படிநிலையில் சூழல் கேள்வி வந்தால் முக்கியச் சொல்லைத் தேடு என்கிறது அது. சம்பளம் என்றிருந்தால் உடலியல் தேவை, ஒப்பந்த வேலை என்றால் பாதுகாப்பு, தனியாகச் சாப்பிடுகிறார் என்றால் சமூகத் தேவை, விருது என்றால் மதிப்பு, சலிப்பு என்றால் சுய நிறைவு. இரண்டு சொற்கள் மோதினால் கீழ்ப்படியைக் குறித்துவிடு. பயிற்சி வகுப்புகளிலும் இதையே சொல்லித் தருகிறார்கள். சூத்திரம் ஒவ்வொரு கட்டத்திலும் தவறு.

முதலில் சம்பளம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடமாக ஓவர்லாக் தைக்கும் ஒரு பெண்ணைக் கேள்வியில் வைப்போம். சொந்த வீடு இருக்கிறது, கடன் இல்லை, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் உண்டு, லைனில் எல்லோரும் அவரை அக்கா என்கிறார்கள். போன மாதம் சேர்ந்த பையனுக்கு ஷிப்டுக்கு ஐம்பது ரூபாய் கூடுதல் என்று தெரிந்ததும் சூப்பர்வைசரிடம் போய், "பணத்துக்காகச் சொல்லலைங்க, அவனுக்கு மிஷின்ல நூல் கோக்கச் சொல்லிக் குடுத்ததே நாந்தானுங்க" என்கிறார். கேள்வியில் கூலி இருக்கிறது, ஆனால் குறைவது சோறு இல்லை. அவருடைய அனுபவத்துக்கு இடம் கொடுக்கவில்லை என்பதுதான் குறை. விடை மதிப்புத் தேவை.

அதே ஐம்பது ரூபாயை வேறு மாதிரி எழுதிப் பாருங்கள். மாதக் கடைசியில் மளிகைக் கடையில் பாக்கி சொல்லி அரிசி வாங்குகிறார், மதியச் சாப்பாட்டைத் தவிர்க்கிறார் என்றால் உடலியல் தேவை. வீட்டுச் செலவு சரியாக ஓடுகிறது, ஆனால் ஆர்டர் குறைந்தால் முதலில் தன்னைத்தான் நிறுத்துவார்கள் என்ற பயத்தில் சேமிப்புக்காகக் கூலி உயர்வு கேட்கிறார் என்றால் பாதுகாப்பு. சொல் ஒன்று, விடை மூன்று. கைகொடுப்பது முக்கியச் சொல் இல்லை, ஒரு கேள்வி: எதைக் கொடுத்தால் இந்த மனக்குறை தீரும்? அந்தப் பெண்ணுக்கு ஐம்பது ரூபாயை யாருக்கும் தெரியாமல் கவரில் போட்டுக் கொடுத்தால் மனக்குறை அப்படியேதான் இருக்கும். அவரை லைன் பொறுப்பாளராக்கினால் தீரக்கூடும்.

அடுத்தது கீழ்ப்படி விதி. ஒரு படி முழுதாக நிரம்பிய பிறகுதான் அடுத்த படி பிறக்கும் என்ற நம்பிக்கையில் நிற்பது இது. மாஸ்லோவே இதை மறுத்தவர். 1943-இல் வெளியான கட்டுரையில், சாதாரண மனிதருக்கு உடலியல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, சுய நிறைவு 10 சதவீதம் நிறைவேறியிருக்கலாம் என்று எழுதினார். அளந்த கணக்கு இல்லை, விளக்கத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட எண்கள். ஆனால் கருத்து தெளிவு: எல்லாப் படிகளும் ஒரே நேரத்தில் பாதி நிறைந்தும் பாதி குறைந்தும் இருக்கின்றன. படிகளின் வரிசை சிலருக்கு மாறும் என்பதையும் அங்கேயே சொல்லியிருக்கிறார்.

ஆகவே, ஆறு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் ஊழியர், நிரந்தர ஊழியர்கள் டீக்கு அழைக்காமல் போவதைச் சொல்லி வருந்தினால், ஒப்பந்தம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பாதுகாப்பு என்று குறிக்கக் கூடாது. வேலை நிலையற்றது என்பது பின்னணி. அவர் பேசுவதும் ஏங்குவதும் கூட்டத்தில் ஓர் இடத்துக்காக. கேட்பது சமூகத் தேவை.

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் மேல் இரண்டு படிகள். சலிப்பு என்றதும் சுய நிறைவு என்று பாய்கிறார்கள். மாஸ்லோ மதிப்புத் தேவைக்குள்ளேயே இரண்டைச் சேர்த்திருந்தார்: திறமை, சாதனை, தன்னம்பிக்கை என்று தன் கண்ணில் தனக்குள்ள மதிப்பு ஒன்று, பெயர், பாராட்டு என்று பிறர் தரும் மதிப்பு இன்னொன்று. அனுப்பும் அறிக்கையெல்லாம் மேலாளர் பெயரில் போவதால் ஒருவருக்கு வேலையில் பிடிப்பு விட்டுப்போனால், அந்தச் சலிப்பு மதிப்புத் தேவை. அவர் பெயரைப் போட்டால் போதும், அதே வேலையை உற்சாகமாகச் செய்வார். பதவியும் பாராட்டும் நிறையப் பெற்ற மெர்ச்சண்டைசர், தானே டிசைன் வரைய வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் நிறைவாக இல்லை என்று தவித்தால், அது சுய நிறைவு. பாராட்டு கிடைத்த பிறகும் தவிப்பு நிற்கிறதா என்று பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

கேள்வி தயாரிக்கும் ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே செயலுக்குப் பின்னால் பல தேவைகள் இருக்கும் என்பதும் மாஸ்லோ சொன்னதுதான். "ரமேஷுக்குச் சம்பளம் போதவில்லை. எந்தத் தேவை நிறைவேறவில்லை?" என்று ஒற்றை வரியில் கேட்டால் நேர்மையான விடை கிடையாது; மாணவர் ஊகிக்கத்தான் முடியும். மற்றப் படிகள் ஓரளவு நிறைந்திருப்பதைக் காட்டும் ஓரிரு விவரமும், அந்த ஊழியர் வாயாலோ செயலாலோ கேட்பது எது என்பதும் கேள்வியிலேயே இருக்க வேண்டும்.