ஓடிபி வந்தா ஆள் வந்தாச்சா?

மக்களே, டெலிமெடிசின் ஆப்ல டாக்டரைப் பார்த்தா ஒரு நோட் வருமே, அதை முழுசாப் படிச்சிருக்கீங்களா? மருந்துப் பேருக்கு மேல மூணு வரி இருக்கும். அடையாளம் சரிபார்க்கப்பட்டது, சம்மதம் பெறப்பட்டது, வரம்புகள் விளக்கப்பட்டன. மூணுக்கும் டிக் விழுந்திருக்கும். பல இடத்துல அது டாக்டர் போட்ட டிக் இல்லை, மென்பொருள் தானாப் போட்டது. இதைப் பித்தலாட்டம்னு சொல்லாம வேற என்ன சொல்ல?

நான் வேலை பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒரு சாயங்காலம் 62 வயசு அம்மா வந்தாங்க. ரொம்ப வருஷமா சர்க்கரை. வெளியூர்ல இருக்கிற மகன், காலையிலயே தன்னோட ஆப்ல "மேல்வயிறு எரியுது, வேர்க்குது"ன்னு டைப் அடிச்சிருக்கார். அம்மாவுக்குன்னு எழுதலை. டாக்டரும் யாருக்குன்னு கேக்கலை. நோட்ல நோயாளி 34 வயசு ஆண். கேஸ் மாத்திரை. எங்ககிட்ட ஈசிஜி எடுத்தா மாரடைப்பு!

ஓடிபி சோதிக்கிறது போனை, நோயாளியை இல்லை. 34 வயசுன்னா கேஸ்னு தோணலாம். சர்க்கரை உள்ள 62 வயசு அம்மான்னா முதல்ல இதயத்தைத்தான் நினைக்கணும். ஆக, அடையாளம்ங்கிறது சடங்கு இல்லீங்க, நோய்க்கணிப்பே அங்கதான் ஆரம்பிக்குது.

சம்மதமும் அப்படித்தான். 2020 மார்ச்ல வந்த இந்திய டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி, நோயாளியே கூப்பிட்டா சம்மதம் இருக்கிறதாவே அர்த்தம். கூடவிருந்து பார்த்துக்கிறவர் கூப்பிட்டா நோயாளியோட வெளிப்படையான சம்மதம் வேணும். எழுத்து, குரல், வீடியோ எதுவா இருந்தாலும் சரி, ஆனா பதிவுல இருக்கணும். அந்தம்மாகிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா அவங்க குரலாவது டாக்டர் காதுல விழுந்திருக்கும்.

உச்சகட்டக் கூத்து இனிமேதான். பரிசோதனைங்கிற கட்டத்துல 'அப்டமன் சாஃப்ட், நான் டெண்டர்'னு இருந்தது. அதாவது வயித்தைத் தொட்டு அமுக்கிப் பார்த்தாச்சு, வலி இல்லையாம். சாட்ல எப்படிய்யா அமுக்கினீங்க?

டிக் கட்டத்தைத் தூக்கிட்டு, டாக்டர் கையால நிரப்புற மூணு வரி போதும். அன்னிக்கு இப்படி இருந்திருக்கணும்:

யார்: பேசுறவர் மகன். நோயாளி அம்மா, 62. பேரும் வயசும் அவரே வீடியோவில் சொன்னார்.

சம்மதம்: "சரி, போன்லயே பாருங்க"ன்னு நோயாளியே சொன்னார், காலை 9.10.

பார்க்க முடியாதது: வயிற்றைத் தொடலை, பிபி, ஈசிஜி இல்லை. ஆகவே மாரடைப்பு இல்லைன்னு சொல்ல முடியாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்கணும்.

அந்த 'ஆகவே'தான் முக்கியம். 'நேரடிப் பரிசோதனைக்கு இது மாற்று அல்ல'ன்னு பொத்தாம்பொதுவா அச்சடிச்சா அது கம்பெனிக்குக் கவசம். எதைப் பார்க்கலை, அதனால எது தெரியலைன்னு எழுதினாத்தான் அது நோயாளிக்குக் கவசம். நேரம் இல்லைங்கிறாங்க. இந்த மூணு வரி எழுத ஒரு நிமிஷம் ஆகுமா?

டிஸ்கி: டெலிமெடிசினுக்கு நான் எதிரி இல்லை. தொடாத வயித்தைத் தொட்டதா எழுதுறதுக்குத்தான் எதிரி.