ஒத்திவைப்பும் ஓர் அறிவிப்பும்

தேர்வு தள்ளிவைக்கப்பட்டது என்று அறிவிக்க ஒரு வரி போதும். அந்த வரியைக் கேட்ட நேரத்தில், கையில் பெட்டியோடு வெளியூர் விடுதியில் இருப்பவர் இனி என்ன செய்வார் என்று எண்ணிப் பார்த்து எழுதப்படும் அறிவிப்போ வேறு வகையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் உள்ள தொலைவை, மருத்துவ மேற்படிப்புக்கான நீட் தேர்வு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் காட்டிவிட்டது. அத்தேர்வு தேவைதானா என்பது தனி வழக்கு. அதை இன்று நாம் எடுக்கவில்லை. அறிவிப்பை மட்டும் பார்ப்போம்.

2024 ஜூன் 23, ஞாயிறு காலை நடைபெற வேண்டிய தேர்வு, அதற்கு முந்திய இரவில் ஒத்திவைக்கப்பட்டது. பிற தேர்வுகளைப் பற்றி எழுந்த புகார்களை முன்னிட்டு எடுக்கப்பட்ட முன்னெச்சரிக்கை என்றனர். புதிய நாள் பின்னர் தெரிவிக்கப்படுமாம்! மருத்துவமனையில் விடுப்புக் கெஞ்சிப் பெற்று, இரவெல்லாம் பயணம் செய்து, தேர்வு நகரம் வந்து சேர்ந்துவிட்ட இளம் மருத்துவர்கள் அந்த ஒரு வரியோடு திரும்பினர். ஆகஸ்டு 11 என்ற புதிய நாள் ஜூலை 5-ஆம் தேதிதான் வெளிவந்தது. அதன் பின்னரும் துன்பம் ஓயவில்லை. தமிழ்நாட்டு மருத்துவர் பலருக்கு ஆந்திர நகரங்கள் ஒதுக்கப்பட்டன.

அடுத்த ஆண்டுக் கதை வேறு. 2025 ஜூன் 15 அன்று, காலையும் பிற்பகலுமாக இரு வேளைகளில் தேர்வு என்றிருந்தது. இரு வேளை என்றால் இரண்டு வினாத்தாள். இரண்டும் ஒரே கடினம் உடையவையாக இருக்க முடியாதே! எனவே மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஒருவர் தம்முடைய வேளையில் எத்தனை பேரை முந்தினார் என்று கணக்கிடுவார்கள். காலையில் ஆயிரம் பேர், பிற்பகலில் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 500 மதிப்பெண் பெற்றவர் 900 பேரை முந்துகிறார். பிற்பகலில் 540 பெற்றவரும் 900 பேரையே முந்துகிறார். இருவரும் சமம் என்கிறது கணக்கு. இரண்டு கூட்டமும் திறமையில் சமமாக இருந்தால் இது நியாயம். காலைக் கூட்டத்தில் வல்லவர்கள் மிகுந்திருந்தால்? அங்கே அமர நேர்ந்ததே குற்றமாகிவிடும். இரண்டு வினாத்தாள்கள் ஒரே கடினம் உடையவையாக இருக்க முடியாது என்பதை உச்சநீதிமன்றம் மே 30-இல் சுட்டிக்காட்டி, ஒரே வேளையில் நடத்துக என்று ஆணையிட்டது.

ஒரே வேளை என்றால் ஒரே நேரத்தில் அத்தனை பேருக்கும் கணினி வேண்டும். மையங்கள் பெருக வேண்டும். இதற்குக் காலம் வேண்டும் என்று தேர்வு வாரியம் கேட்டது. ஆகஸ்டு 3 என்று ஜூன் 6-இல் நீதிமன்றம் இசைந்தது. இனித் தள்ளக்கூடாது என்றும் சொல்லிவிட்டது.

இதன் பின் வந்த அறிவிப்பைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மையங்கள் மாறுவதால், முன்பு தேர்ந்த நகரம் செல்லாது. ஜூன் 13 முதல் 17 வரை புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. எந்த நகரம் என்பது ஜூலை 21-இல் தெரியும். நுழைவுச்சீட்டு ஜூலை 31-இல் கிடைக்கும். அதாவது, நகரத்தை அறிந்த பிறகு பயணச்சீட்டு வாங்க ஏறத்தாழ இரண்டு வாரம். கட்டடத்தை அறிந்த பிறகு மூன்று நாள். பழைய ஏற்பாட்டில் எது நிற்கிறது, எது போயிற்று, அடுத்த செய்தி என்று வரும் என்ற மூன்றுக்கும் விடை இருந்தது. முந்திய ஆண்டு இரவில் இல்லாதவை இவைதாம்.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. நகரங்கள், முந்தி வந்தவருக்கே முந்திக் கிடைக்கும் என்று ஒரு விதி. பார்வைக்கு நடுநிலை! ஆனால் 13-ஆம் தேதி பிற்பகல் சாளரம் திறந்தபோது, விடுப்பெடுத்துப் படித்துக்கொண்டிருந்தவர் கணினி முன் இருந்தார். அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் பணியிலிருந்தவர் எங்கிருந்திருப்பார்? ஐந்து நாள் அவகாசம் தந்துவிட்டு, முதல் மணி நேரத்திலேயே பந்தயம் வைப்பது, தந்த அவகாசத்தைப் பறிப்பதாகும். ஐந்து நாளும் விருப்பங்களைப் பெற்று, முடிந்தபின் வீட்டு முகவரிக்கு அண்மையான நகரத்தை ஒதுக்கியிருக்கலாம். நகரம் தெரிவிக்க ஜூலை 21 வரை காலம் இருந்ததே, அவசரம் யாருக்கு?

தேர்வு ஆகஸ்டு 3, ஞாயிறு காலை ஒரே வேளையில் நடந்தேறியது. மாற்றிய நாள் மறுபடி மாறவில்லை. நகர ஒதுக்கீட்டு விதியை மாற்றக் கோரும் மனுவை எழுதுவோர், இந்த இரண்டு ஆண்டு அறிவிப்புகளையும் அருகருகே வைத்து இணைத்தனுப்புக.