இடது ஓரம் வெட்டப்பட்ட படம்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபமும் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. பெரியாஸ்பத்திரியில் மரபணு டாக்டர் பேனாவால் வரைந்து கொடுத்த வம்சப் படம். எனக்குத் தங்கை முறையாகும் ஒருத்தியின் ஆறு வயதுப் பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனுக்காகப் போட்ட படம் அது. அவள் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் சொல்லப் போவதில்லை.

படத்தைப் பார்த்துக் குழுவில் நடந்த பேச்சுதான் என்னை எழுத வைத்தது. ஒருவர், "ரெண்டு கோடு போட்டிருக்குதே, ரெண்டாம் கல்யாணமா?" என்றார். இன்னொருவர் உயிரோடு இருக்கிற மனுஷியை இறந்தவர் என்று படித்துவிட்டார். இவர்களைக் குறை சொல்லமாட்டேன், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே முதலில் பாடம்.

சதுரம் ஆண், வட்டம் பெண். இருவரையும் சேர்க்கும் படுக்கைக் கோடு திருமணம். அதிலிருந்து கீழே இறங்கும் கோட்டில் பிள்ளைகள், மூத்தது இடப்பக்கம். உள்ளே கறுப்பு அடித்திருந்தால் அந்தக் குறை உள்ளவர். அம்புக்குறி யாருக்காகப் படம் வரைந்தார்களோ அவரைக் காட்டும். சின்ன முக்கோணம் கலைந்துபோன கரு. திருமணக் கோடு இரட்டையாக இருந்தால் ரத்த சொந்தத்தில் கட்டியது என்று பொருள், இரண்டாம் தாரம் என்று அல்ல. சாய்கோட்டில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். சதுரம் வட்டத்தின் மேலேயே சாய்கோடு விழுந்தால் அவர் இறந்துவிட்டார். திருமணக் கோட்டின் மேல் விழுந்தால் அந்த உறவு முறிந்தது. குடும்ப ஆலோசகர்கள் வரையும் படத்தில் ஒரு சாய்கோடு பிரிந்து வாழ்வது, இரண்டு சாய்கோடு விவாகரத்து.

இப்போது நம் படம். மேலே அமுச்சியும் அப்புச்சியும், இருவர் மேலும் சாய்கோடு. நடுவில் இரட்டைக் கோடு, ஏனென்றால் அவர்களே அத்தை மகன், மாமன் மகள். அவர்களுக்கு மூத்தவள் அக்கா, கடைசி தம்பி. அந்தத் தம்பிதான் பையனின் அப்பா. அவன் கட்டியிருப்பது அக்காவின் மகளை. அதனால் அந்த இரட்டைக் கோடு நேராக ஓடாமல் ஒரு தலைமுறை கீழே சரிந்து இறங்குகிறது. கீழே ஒரு வெள்ளை வட்டம், ஒரு முக்கோணம், அப்புறம் அம்புக்குறியோடு கறுப்புச் சதுரம்.

குழுவில் வந்த போட்டோவில் இவ்வளவுதான். ஆனால் தம்பியின் சதுரத்திலிருந்து இடப்பக்கமும் ஒரு கோடு கிளம்பி, படத்தின் விளிம்பில் அறுந்து நிற்கிறது. இரண்டு முறை மணந்தவருக்கு இருபக்கமும் கோடு போடுவார்கள். இடது ஓரத்தை யாரோ வெட்டிவிட்டுப் பதிவிட்டிருக்கிறார்கள். முழுப் படத்தைத் தங்கை அனுப்பினாள். அங்கே முதல் மனைவி இருக்கிறாள், கோட்டின் மேல் இரண்டு சாய்கோடு, அவளுக்குக் கீழே ஒரு வெள்ளை வட்டம். இருபது வயதுப் பெண்.

வெட்டியவர் யார் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். வெட்டியது மட்டுமானால் வாய் மூடியிருப்பேன். அதே மனிதர் மறுநாள் எழுதுகிறார்: "மூத்த தாரத்துப் பொண்ணுக்குக் காது நல்லாத்தானே கேக்குது? அப்பக் கோளாறு யார் பக்கம்?" படத்தில் இருக்கக்கூடாத பெண், பழி சொல்ல மட்டும் சாட்சிக்கு வரவேண்டுமாம்!

ஐயா, வகுப்புக்கு வாருங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகள் உண்டு என்று வையுங்கள். ஒன்றில் ஒரு பக்கம் கிழிந்திருந்தாலும் இன்னொன்றை வைத்துப் பாடம் நடக்கும். பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. இரண்டுமே கிழிந்தவையாக வந்தால்தான் குறை. டாக்டர் சொன்ன வகை இதுதான். அப்படியானால் இந்தப் பையனுக்குத் தன் அப்பாவிடமிருந்தும் கிழிந்த பிரதி வந்தாகவேண்டும். முதல் மனைவி அசலூர்க்காரி, அவள் கொடுத்தது நல்ல பிரதியாக இருந்திருக்கும். அதனால் அந்தப் பெண்ணுக்குக் காது கேட்கிறது. அது இரண்டாம் மனைவியின் குற்றத்துக்கு அத்தாட்சி ஆகாது. தம்பியும் அவன் மனைவியும் ஒரே அமுச்சி அப்புச்சி வீட்டுக் கிழிசலைத் தூக்கி வந்தவர்கள் என்பதைத்தான் காட்டுகிறது.

இன்னொரு மறைப்பும் உண்டு. அமுச்சிக்கு நடுவில் ஒரு மகன் இருந்தான். பேச்சு வராது, எட்டு வயதில் போய்விட்டான். டாக்டர் துருவிக் கேட்டபோதுதான் அக்கா சொன்னாள். குலதெய்வக் கோயில் விழாவுக்கு அச்சடித்த வம்சப் படத்தில் அவன் இல்லை. (அந்தப் படத்தில் பெண்களே இல்லை, வெறும் சதுரங்கள். தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் நம் சேலத்தில்தான் தொடங்கவேண்டி வந்தது என்பதை நினைத்துக்கொண்டேன்.) டாக்டர் அவனுக்கு ஒரு கறுப்புச் சதுரம், சாய்கோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். காய்ச்சலில் காது போயிருக்கவும் கூடும், அதனால் கேள்விக்குறி. படம் வரைவதில் நேர்மை என்றால் அது.

அவனுக்கும் இதே குறை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். கிழிந்த பிரதி ஒவ்வொன்று வைத்திருக்கும் பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைகளில் நால்வகை. ஒன்று குறையுள்ளது. காது கேட்கிற பிள்ளை என்று தெரிந்தபின் மீதி மூன்று, அதில் இரண்டு ஒரு கிழிசலோடு இருக்கும். ஆகத் தம்பிக்கு 2/3. அக்காவுக்கும் 2/3, அவள் மகளுக்கு அதில் பாதி, 1/3. இரண்டையும் பெருக்கி, பிள்ளைக்கு வரும் கால்பங்கையும் பெருக்கினால் 1/18. கல்யாணப் பேச்சின்போதே அந்தச் சிறுவனைப் பற்றி யாராவது வாய் திறந்திருந்தால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம். இந்தப் பையன் பிறந்தபின் அடுத்த பிள்ளைக்கு 1/4.

சொந்தத்தில் கட்டினாலே குறை வரும் என்று நான் சொல்லவில்லை. என் அப்பா அம்மாவே முறைதான், நாங்கள் ஐந்து பேரும் நன்றாக இருக்கிறோம். கிழிசல் எந்த வீட்டில் இருக்கிறது என்பதே கேள்வி. அதைப் படம்தான் சொல்லும், முழுசாக வரைந்தால்.

இனி நான் ஏன் அவசரப்படுகிறேன் என்று சொல்கிறேன். வெட்டப்பட்ட ஓரத்தில் இருக்கிற அந்தப் பெண்ணை, பகை தீர்ந்து உறவு ஒட்டட்டும் என்று அக்காவின் கடைசி மகனுக்குக் கேட்கிறார்கள். அத்தை மகன், முறைதான். ஆனால் அவள் அப்பாவிடம் கிழிந்த பிரதி இருப்பது இப்போது நிச்சயம், அவளுக்கு வந்திருக்கப் பாதி வாய்ப்பு. அக்கா வழியாக அந்தப் பையனுக்கும் பாதி. பாதி, பாதி, கால்: 1/16. இருவரில் ஒருவருக்கு இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தால் இந்தப் பயம் அநேகமாக விட்டுப்போகும். சிறுவனுக்கு எந்த மரபணுவில் பிழை என்று முதலில் கண்டுபிடிக்கவேண்டும். அது தெரிந்தால் மற்றவர்களின் ரத்தத்தில் அதையே தேடிப் பார்க்கலாம். அவன் ரத்தம் ஏற்கனவே எடுத்தாயிற்று, முடிவு வரவேண்டும்.

முழுப் படத்தை நேற்றிரவு குழுவில் போட்டுவிட்டேன், தங்கை கேட்டுக்கொண்டபடி. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் தனியாக அனுப்பினேன். "எம்பொண்ணு பேரையும் போட்டிருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டாள். போட்டிருக்கிறார்கள் என்றேன். நிச்சயத்துக்குத் தேதி குறிக்க அவசரப்படுகிறவர்கள், முடிவு வரும்வரை பொறுங்கள். வெட்டிய படத்தைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.