லைசன் காசு கட்டினால் றோட்டு நமக்குச் சொந்தமா?

கொழும்பில் நெரிசல் நேரத்துக்குத் தனிக் கட்டணம் அறவிடலாம் என்று யாராவது பேசினால் போதும், "வருஷா வருஷம் லைசன் காசு கட்டுகிறோமே, இன்னொரு வரியா?" என்று நம் ஊரிலும் கோபம் வருகிறது. அந்தக் கோபம் தவறான இடத்தில் விழுகிறது என்று நாம் நினைக்கிறோம்.

முதலில், நாம் எதற்குக் கட்டுகிறோம்? பதிவுக் கட்டணம் வண்டி நம் பெயருக்கு வருவதற்கான காசு. வருட லைசன், அதாவது வருமான அனுமதிப்பத்திரம், வண்டியை வைத்திருப்பதற்கான காசு. அது மாகாண சபைக்குப் போகிறது. ஆனால் கினிகத்தேனை வழியாக ஹட்டன் போகும் ஏ7 வீதியைப் பராமரிப்பது வீதி அபிவிருத்தி அதிகார சபை. அதனால் "லைசன் காசு கட்டினேன், இந்தக் குழியை மூடு" என்ற கணக்கு நேராக ஒத்துவராது.

ஒரே மாதிரி இரண்டு வேன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருகிறது. மற்றது தினமும் காலை எட்டு மணிக்குப் புறக்கோட்டை நெரிசலுக்குள் நுழைகிறது. இரண்டும் இதே மாகாணத்தில் லைசன் எடுத்தால் கட்டணம் ஒன்றுதான். அது வண்டியின் வகையையும் எடையையும் எரிபொருளையும் பார்க்கிறது. ஓடிய தூரத்தைப் பார்ப்பதில்லை. பெற்றோல் வரியாவது ஓட்டத்துக்கு ஏற்ப ஏறுகிறது. ஆனால் வெறிச்சோடிய மலைப்பாதையில் முதலாவது கியரில் ஏறும் நம் ஓட்டோவும் அதே வரியைக் கட்டுகிறது. யாரையும் மறிக்காமலே நாம் கூடுதலாகக் கட்டுகிறோம்.

நெரிசல் கட்டணம் மட்டும்தான் எந்த இடம், எந்த நேரம் என்று கேட்கிறது. சிங்கப்பூர் 1975 ஜூன் மாதம் இதைத் தொடங்கியது. காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் வரும் காருக்கு நாளொன்றுக்கு 3 டொலர். பஸ்ஸுக்குக் கட்டணம் இல்லை. நான்கு பேர் ஏறிய காருக்கும் இல்லை. அந்த நேரத்தில் உள்ளே வந்த கார்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. லண்டன் 2003இல் தொடங்கியபோது, அதில் வரும் வருமானம் போக்குவரத்துக்கே செலவாக வேண்டும் என்பது சட்டமாகவே இருந்தது.

"ஏழை பாதிக்கப்படுவான்" என்பார்கள். நம் ஊர் ஏழை கொழும்புக்கு பஸ்ஸில் போகிறான். தனி ஆளாகக் காரில் வருபவரின் நெரிசலில் அவனும் மணிக்கணக்கில் நிற்கிறான். மகரகம ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு நாலைந்து பேர் வேன் பிடித்துப் போவதும் உண்டுதான். சிங்கப்பூர் போல நிரம்பிய வண்டியை விட்டுவிட்டால் அவர்களுக்கும் பாரமில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. நல்ல பஸ்ஸும் ரயிலும் இல்லாமல் கட்டணம் மட்டும் வந்தால் அது வெறும் தண்டனை. அந்தக் காசு பொதுத் திறைசேரிக்குள் காணாமல் போனாலும் அப்படித்தான்.

ஆகவே ஊரவர்களே, நெரிசல் கட்டணத்தை எதிர்க்க வேண்டாம். கொழும்பு நெரிசலுக்கான விலையை எல்லோருடைய வருட லைசனிலும் ஏற்றினால், அதைத்தான் எதிர்க்க வேண்டும்.