கரிசல் மண்ணுக்குள்ள எந்த பைப்?

தோட்டத்துக்குத் தண்ணி பைப் புதைக்கணும்னு சொன்னா மூணு பேர் மூணு பதில் சொல்வாங்க. வீட்டுப் பெரியவங்க, "ஜி.ஐ. போடுப்பா, இரும்பு இரும்புதான்" என்பார்கள். கடைக்காரர் பி.வி.சி.யை எடுத்துக் காட்டுவார். சொட்டுநீர் போடுறவங்க எச்.டி.பி.இ. என்கிற கருப்பு பைப்பைச் சொல்வாங்க. ஆனா, 'உங்க மண்ணு என்ன மண்ணு?'ன்னு யாரும் கேக்குறதில்ல. என்னைக் கேட்டால் முதல் கேள்வியே அதுதான். புதைத்த பைப் பெரும்பாலும் நடுவில் உடைவதில்லை, ஜாயின்ட்டில்தான் போகிறது. ஜாயின்ட்டை இழுப்பது மண்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் காடு. போர்ல இருந்து 300 மீட்டர் தள்ளி, 10 மீட்டர் மேட்டில் ஒரு தொட்டி. செகண்டுக்கு 3 லிட்டர் தண்ணி போகணும்.

முதலில் ஜி.ஐ. இரண்டு இன்ச் பைப்பில் இந்தத் தண்ணி போனால் உராய்வில் மட்டும் சுமார் 16 மீட்டர் அழுத்தம் வீணாகும். உள்ளே துருவும் உப்பும் படிந்த பிறகு அது 22 மீட்டர் வரை போகலாம். 63 மி.மீ. பி.வி.சி.யில் இதே இழப்பு 6 மீட்டர்தான். விவசாயத்துக்கு கரண்ட் இலவசம், அதனால இந்த நஷ்டம் பில்லில் தெரியாது. மும்முனை கரண்ட் இருக்கிற நேரத்துக்குள்ள தொட்டி நிறையாமப் போகும், அதில்தான் தெரியும். இன்னொன்று, ஜி.ஐ.யில் மரை போடும்போது துத்தநாகப் பூச்சு வெட்டுப்பட்டுப் போகிறது. பைப் சுவரும் அங்கேதான் மெலிசு. உப்பு மண்ணில் துரு அங்கேயே ஆரம்பிக்கும். பைப் போன தடத்தில் 20 அடிக்கு ஒரு ஈரத்திட்டு தெரிந்தால் காரணம் இதுதான். பூமிக்கு மேலே, வெயில் படுகிற இடத்தில் ஜி.ஐ. நல்ல பைப். வண்டிப்பாதையைக் கடக்கும் இடத்தில் மற்ற பைப்புக்கு உறையாகவும் போடலாம். முழு லைனாகப் புதைக்க வேண்டாம்.

அடுத்து பி.வி.சி. செம்மண்ணாக இருந்தால் நானும் இதைத்தான் சொல்வேன். விலை குறைவு, ஊர் பிளம்பரே ஒட்டிவிடுவார். ஆனா கிளாஸ் முக்கியம். இந்த லைனில் ஓடும்போது மோட்டார் பக்கம் 16 மீட்டர் அழுத்தம்தான், அதனால் 4 கிலோ பைப் போதும்னு தோணும். அது 40 மீட்டர் தாங்கும். ஆனால் தொட்டி வாயில் உள்ள பால் வால்வை ஒன்றரை செகண்டுக்குள் மூடினால், ஓடி வந்த தண்ணி மோதி இன்னும் 45 மீட்டர் வரை ஏற்றிவிடும். மொத்தம் 60 மீட்டரைத் தொடுகிறது. குறைந்தது 6 கிலோ கிளாஸ் வேணும், வால்வையும் மெதுவா மூடணும்.

கரிசலில் சிக்கல் வேற. கோடையில் அந்த மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும். 300 மீட்டரில் 6 மீட்டருக்கு ஒன்றாக சுமார் 50 ஒட்டு இருக்கும். வருஷா வருஷம் மண் அவற்றை இழுத்துத் தள்ளும். தோண்டிப் பார்த்தால் காரணம் தெரியும். பைப் நீளவாக்கில் கீறியிருந்தால் அழுத்தமோ அடியில் கிடந்த கல்லோ காரணம். ஒட்டு உருவிக்கொண்டு வந்திருந்தால் மண் இழுத்திருக்கிறது, இல்லை பசை சரியாகப் பிடிக்கவில்லை.

அதனால் கரிசலுக்கு என் ஓட்டு எச்.டி.பி.இ.க்கு. சுருளாக வரும், ஜாயின்ட் மிகக் குறைவு, மண்ணோடு சேர்ந்து வளையும். ஆனால் இங்கே இரண்டு விஷயத்தில் ஏமாறக் கூடாது. 63 என்பது வெளி விட்டம். கருப்பு பைப்புக்குச் சுவர் தடிமன் அதிகம், உள்துளை சிறிது. அதே 63 வாங்கினால் உராய்வு இழப்பு 9 மீட்டருக்கு மேல் போகும். 75 வாங்கினால் 4 மீட்டருக்குள் நிற்கும். இரண்டாவது, சூட்டில் இது ரொம்ப நீளும். 20 டிகிரி வித்தியாசத்துக்கு 300 மீட்டர் பைப் 1.2 மீட்டர் நீண்டு சுருங்கும். உச்சி வெயிலில் விறைப்பாக இழுத்துப் பூட்டினால் ராத்திரி முனையில் உருவிக்கொள்ளும். பள்ளத்தில் பாம்பு போல நெளியவிட்டு, ஆறிய பிறகு காலையில் முனையைப் பூட்டி மண் மூடணும்.

செலவு? பைப்புக்கு அதிகம்தான், உருக்கி ஒட்ட மெஷினோடு ஆளும் வேணும். அது கிடைக்காத ஊரில் கப்ளிங் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் பயிர் நிற்கும்போது 3 அடி தோண்டி ஒட்டு தேடுற கூலியையும், அந்த நாள்களில் தண்ணி கிடைக்காம வாடின பயிரையும் சேர்த்துக் கணக்குப் பாருங்க.

பைப் கடைக்குப் போறதுக்கு முன்னாடி சித்திரை மாசம் ஒரு தடவை காட்டுக்குள்ள நடந்து பாருங்க. வெடிப்புக்குள்ள கை நுழையுதுன்னா கருப்பு பைப். நுழையலைன்னா 6 கிலோ பி.வி.சி. தாராளமாப் போதும்.