சேர்ந்து நரைக்க ஒரு வாழ்த்து

அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் எந்தத் தெருவில் கல் எறிந்தாலும் சிங்கப்பூரில் மகனோ மருமகனோ இருக்கிற ஒரு வீட்டு ஓட்டில்தான் விழும். எறியாதீர்கள், ஓடு விலை ஏறிக் கிடக்கிறது. விஷயம் என்னவென்றால், அப்படிப் போன நம் பையன்களுக்கு ஷிப்யார்டு வேலையைவிடக் கஷ்டமான ஒரு வேலை அவ்வப்போது வந்து வாய்க்கும். கூட வேலை பார்க்கும் சீனருடைய கல்யாண விருந்து!

புதுக்கோட்டை மொய்ப் பழக்கம் அங்கே உதவாது. நாம் நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து நூற்றியொன்றாக எழுதினால்தான் மங்கலம் என்போம். சீனர்கள் கல்யாணத்துக்கு இரட்டைப்படைத் தொகைதான் வைப்பார்கள், அதுவும் சிவப்பு உறைக்குள். இரட்டைப்படை என்றாலும் நாலு வரக்கூடாது. நாலுக்கான சொல், சாவுக்கான சொல்லைப் போலவே காதில் விழும். நம்மூர்க் கல்யாணங்களில் ஒரே மாப்பிள்ளைக்கு ஒன்பது வந்து சேருமே, சுவர்க் கடிகாரம், அதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 'கடிகாரம் கொடுப்பது' என்று சீனத்தில் சொன்னால், 'கடைசி யாத்திரைக்கு வழியனுப்புவது' என்றும் கேட்கும்.

அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இதையெல்லாம் கற்றுத் தேறியவர். அவரே ஒருநாள் ராத்திரி போன் போட்டார். "அண்ணே, ஒரு சிக்கலுண்ணே. எங்க சூப்பர்வைசருக்குக் கல்யாணம். மேடையேறி ரெண்டு நிமிஷம் பேசணுமாம். இங்கிலீஷ்ல பேசினாப் போதும், ஆனா முடிக்கிறப்ப ஒரு சீன வாழ்த்து சொல்லி, அதுக்கு இங்கிலீஷ்ல அர்த்தமும் சொல்லுங்கிறாங்க. நாலு எழுத்துதானாம். பாய்... தோவ்... என்னமோ."

நாலு எழுத்துதான். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழுச் சொல். நாலு எண் ஆகாது என்பவர்கள் வாழ்த்தை மட்டும் ஏன் நாலு எழுத்தில் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். ரெண்டு ரெண்டாகப் பிரிந்து தராசுத் தட்டு மாதிரி நிற்பதால் அந்த நாலுக்குத் தோஷமில்லை. சீன மொழியின் மரபுத்தொடர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நாலு எழுத்தில் இருக்கும். நடுவில் ஓர் எழுத்தை உருவி வேறொன்றைச் செருக முடியாது. 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்பதை ஒட்டகத்துக்கு மாற்றினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

தம்பிக்கு வாய்த்த தொடர் 'பாய் தோவ் ஷியே லாவ்'. பாய் என்றால் வெள்ளை. தோவ், தலை. ஷியே, சேர்ந்து. லாவ், முதுமை. தலை வெளுக்கும் வரை சேர்ந்து முதுமை அடையுங்கள் என்பது பொருள்.

முதலில் உச்சரிப்பு. இங்கிலீஷில் 'பி' போட்டு எழுதியிருக்கிறார்களே என்று 'பாய்ஃபிரெண்ட்' மாதிரி அதட்டக்கூடாது. கோரைப் பாயின் பாய்தான் சரி. இந்த இடத்தில் தமிழ் நாக்கு இங்கிலீஷ் நாக்கைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. 'தோவ்'வில் மட்டும் மெழுகுவர்த்தி ஊதுகிற அளவுக்குக் கொஞ்சம் மூச்சு வெளியே வரவேண்டும். அடுத்தது ராகம். சீனத்தில் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும். அதே 'பாய்' மேலேயிருந்து கீழே விழுந்தால் 'தோல்வி'. கல்யாண மேடையில் அது எதற்கு? நல்ல வேளை, இந்தத் தொடருக்குச் சுலபமான வழி இருக்கிறது. முதல் மூன்று எழுத்துக்கும் குரல் கீழேயிருந்து மேலே ஏறவேண்டும். கூப்பிட்ட குரலுக்கு உள்ளேயிருந்து "என்ன?" என்று கேட்போமே, அந்த ஏற்றம். பாய்? தோவ்? ஷியே? நாலாவது மட்டும் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி அடிக்குரலில், லாவ். மூன்று கேள்வி, ஒரு பெருமூச்சு. குடும்ப வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்று தம்பியிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கல்யாணம் ஆகாதவர்.

உச்சரிப்பு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. இங்கிலீஷ்தான் படுத்திவிட்டது.

சொல்லுக்குச் சொல் போட்டால் 'ஒயிட் ஹெட் டுகெதர் ஓல்ட்'. தலைச்சாய விளம்பரம் மாதிரி இருக்கிறது. காரணம், சீனத் தொடரில் எழுவாயும் கிடையாது, காலமும் கிடையாது. யார் நரைக்கிறார்கள், எப்போது, நரைத்தாயிற்றா, நரைக்கவேண்டுமா? ஒன்றும் தெரியாது. முன்னால் 'உங்களை வாழ்த்துகிறேன்' என்று சேர்த்துக்கொண்டு, மீதியைக் கேட்கிறவரிடம் விட்டுவிடுவார்கள். இங்கிலீஷுக்கு அது போதாது. 'மே யூ' என்று யாருக்கு வாழ்த்து என்பதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கவேண்டும். நமக்கு இந்தத் தொல்லையே இல்லை. 'வாழ்க' என்று ஒரு சொல்லில் வேலை முடிந்துவிடும்.

தம்பி அடுத்து அகராதியைப் புரட்டினார். வாழ்நாளின் முடிவு வரை அன்பான தம்பதியாக இருப்பது என்கிற மாதிரி இங்கிலீஷில் போட்டிருந்தது. பொருள் சரிதான். ஆனால் நரையும் காணோம், தலையும் காணோம். மேலும் 'முடிவு' என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. அலுவலகத்தில் இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், சர்ச் கல்யாணங்களில் சாவு வந்து பிரிக்கும் வரை என்று உறுதிமொழி எடுப்பார்களே, அதையே போட்டுவிடு, கம்பீரமாக இருக்கும் என்றாராம்.

கம்பீரம்தான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பது மாப்பிள்ளையின் பாட்டி. நாலாம் எண்ணுக்கே முகம் சுளிக்கிறவர் முன்னால் மைக் வைத்து 'டெத்' என்று சொன்னால், அப்புறம் சூப் இறங்குமா? ரெண்டு தொடரும் ஒரே நீளமுள்ள காலத்தைத்தான் சொல்கின்றன. ஒன்று அதன் கடைசி எல்லையைக் காட்டுகிறது. மற்றது போகிற வழியில் தலையில் என்ன நிறம் ஏறும் என்பதைக் காட்டுகிறது. மொழிபெயர்ப்பில் அகராதிப் பொருள் தப்பாமல் இருந்தும் வாழ்த்து அபசகுனமாகிப் போவது இந்த மாதிரி இடத்தில்தான்.

கடைசியில் முடிவானது இது: 'மே யூ க்ரோ ஓல்ட் டுகெதர், அன்டில் போத் யுவர் ஹெட்ஸ் ஆர் ஒயிட்.' இதில் உயிர்நாடி 'போத்'. ஷியே என்ற எழுத்தின் இடது பக்கம் மனிதனைக் குறிக்கும் கோடு, வலது பக்கம் 'எல்லோரும்' என்ற எழுத்து. ஒருத்தர் மட்டும் நரைத்தால் வாழ்த்து பலிக்கவில்லை என்று அர்த்தம். நம்மூரில் 'தீர்க்க சுமங்கலி பவ' என்கிறோம். கொஞ்சம் யோசித்தால், பெண் முதலில் போய்ச் சேரவேண்டும் என்று ஆசீர்வாதம் செய்கிறோம்! சீனத் தொடரில் அந்த வரிசை எண் கிடையாது.

மைக்கில் சொன்னாராம். கைதட்டல் வந்ததாம். இங்கிலீஷைக் கேட்டு இளவட்டம் மட்டும் கொஞ்சம் நெளிந்ததாம். "இருபத்தெட்டு வயசுப் பொண்ணைப் பார்த்து 'ஓல்ட்'னு சொன்னா நல்லாவாண்ணே இருக்கு?" என்றார் தம்பி. சீனத்தில் நன்றாகவே இருக்கும். அங்கே 'லாவ்' ஒரு மரியாதைச் சொல். நேற்று வேலைக்குச் சேர்ந்த வாத்தியாரும் 'லாவ் ஷி'தான். புதுசாகக் கல்யாணமானவள் புருஷனை 'லாவ் கோங்' என்கிறாள், அவன் அவளை 'லாவ் போ' என்கிறான். எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட கிழவன், கிழவி! நம் கிராமத்தில் அறுபது வயசில் ஆரம்பிக்கிற கொஞ்சலை அவர்கள் தேனிலவிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். இங்கிலீஷ் 'ஓல்ட்' இந்த பாரத்தைச் சுமக்காது. 'டுகெதர்' கையைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் அதற்கு மரியாதை.

இன்னொரு தொடரை இதைவிட ஜாக்கிரதையாக எடுக்கவேண்டும். 'ஷியாங் ஜிங் ரூ பின்' என்பார்கள். ஒருவரையொருவர் விருந்தாளி போல மதிப்பது. அப்படியே இங்கிலீஷில் போட்டால், என்ன, ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்களா என்று சந்தேகம் வரும். தமிழில் இன்னும் மோசம். 'எம் புருஷன் வீட்ல விருந்தாளி மாதிரி' என்று ஒரு பெண் சொன்னால் அது பாராட்டா, புகாரா?

இதன் கதையைச் சொன்னால் சரியாகப் போகும். சுமார் 2600 வருஷத்துக்கு முன்னால் ஜின் நாட்டில் ஜி சுவே என்று ஒருவர். அப்பன் அரசரைக் கொல்லப் பார்த்து உயிரை விட்டவன். மகன் வயலில் களையெடுத்துப் பிழைத்தார். பெண்டாட்டி சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாள். அவள் நீட்டுகிற மரியாதையையும் இவர் வாங்குகிற மரியாதையையும் அந்த வழியாகப் போன ஓர் அதிகாரி பார்த்தார். வரப்பில் கஞ்சி குடிக்கிற இடத்தில் இப்படி நடந்துகொள்கிறவனிடம் நாட்டு வேலையை நம்பிக் கொடுக்கலாம் என்று அரசர் வென்னிடம் கூட்டிப்போனார். அரசர், அப்பன் குற்றத்தைச் சொல்லித் தயங்கிவிட்டு, அப்புறம் பதவி கொடுத்தார். சோற்றை நீட்டின விதத்துக்காக உத்தியோகம் கிடைத்த கேஸ் சரித்திரத்தில் அபூர்வம். கதை தெரியாமல் அந்தத் தொடரை மொழிபெயர்க்கப் போனால் வயலும் போய்விடும், கஞ்சிக் கலயமும் போய்விடும். வெறும் 'கெஸ்ட்' மட்டும் சோபாவில் உட்கார்ந்திருப்பார்.

தம்பியின் தொடரிலும் ஒரு பழங்கதை ஒளிந்திருக்கிறது. 'சேர்ந்து முதுமையடைவது' என்கிற அந்த 'ஷியே லாவ்', சீனத்தின் மிகப் பழைய பாட்டுத் தொகுதியான ஷி ஜிங்கிலேயே வந்துவிட்டது. 305 பாட்டுகள் கொண்ட தொகுதி அது. அதில் முரசு கொட்டுகிற ஒரு பாட்டில்தான், கையைப் பிடித்துச் செய்துகொண்ட இந்த ஒப்பந்தம் வருகிறது. இன்றைக்குச் சீனர்கள் கல்யாணப் பத்திரிகையில் ஆசை ஆசையாக அச்சடிக்கிற வரி. ஆனால் பாட்டைப் பாடுகிறவன் மாப்பிள்ளை இல்லை. தெற்கே சண்டைக்கு அனுப்பப்பட்டு, ஊர் திரும்ப வழியில்லாமல் குதிரையையும் தொலைத்துவிட்டு நிற்கிற சிப்பாய். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாதே என்று புலம்பித்தான் பாட்டு முடிகிறது. போதாதற்குப் பழைய உரைகாரர் ஜெங் சுவான், அது பெண்டாட்டிக்குக் கொடுத்த வாக்கே இல்லை, சிப்பாய்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்கிறார். வேறு உரைகாரர்கள் மனைவிக்குத்தான் என்கிறார்கள். பத்திரிகை அடிக்கிறவர்கள் யாரும் உரை படிப்பதில்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து போகிற நம் பையன்களுக்கு மட்டும் அந்தச் சிப்பாயைக் கொஞ்சம் புரியும்.

அன்றைய விருந்தில் எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு இனிப்புக் கிண்ணம் வந்ததாம். மெனு கார்டில் சீனப் பக்கத்தில் 'பாய் நியென் ஹாவ் ஹ' என்று போட்டிருந்தது. நூறு வருஷ நல்லிணக்கம். இந்தப் 'பாய்' வேறு, பள்ளத்தில் இறங்கி ஏறுகிற பாய், அதாவது நூறு. முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் சேர்த்தால் 'பாய் ஹ', லில்லி என்கிறார்களே, அந்தப் பூ. அதன் கிழங்கும் தாமரை விதையும் கிண்ணத்தில் கிடந்தன. இங்கிலீஷ் பக்கத்தில் வாழ்த்தெல்லாம் இல்லை. 'சிவப்புப் பயறு, தாமரை விதை, லில்லிக் கிழங்கு போட்ட இனிப்புக் கஞ்சி' என்று சாமான் பட்டியல் மட்டும்.

தம்பி இங்கிலீஷ் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "பயத்தங்கஞ்சி, நம்ம வீட்லயே வைப்பாங்க" என்று பாதியில் வைத்துவிட்டாராம். பக்கத்து நாற்காலிப் பாட்டி விடவில்லை. கிண்ணத்தைத் திரும்ப இவர் பக்கம் தள்ளி, மிச்சம் வைக்காதே என்று சைகை காட்டியிருக்கிறார்.